கையெழுத்து பேசும் வரை

வட்டவளை டவுனில் கடை வைத்திருக்கும் ஒருவர், பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதர் வேன் வாங்குவதற்கு 20 இலட்சம் ரூபாய் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாள் 2021 ஜூன் 12. கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாளில் சிநேகிதரே தன் கையால் புரோநோட்டு எழுதி, முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைக்கிறார். இரண்டு வருடம் வட்டி ஒழுங்காக வருகிறது. அப்புறம் நின்றுபோகிறது. கேட்டால், "நான் உங்களிடம் கடனே வாங்கவில்லையே" என்கிறார்.

ஊரில் இப்படி ஒரு சச்சரவு வந்தால் யார் நல்லவர், யார் பொய்யர் என்றுதான் பேச்சு ஓடும். நீதிமன்றம் அங்கே தொடங்குவதில்லை. அது முதலில் அந்த மறுப்பைப் பிரித்துப் பார்க்கிறது. "கடன் வாங்கவில்லை" என்ற ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு வேறு மறுப்புகள் இருக்கலாம். ஒன்று, "இது என் கையெழுத்தே இல்லை" என்பது. மற்றது, "கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் பணம் என் கைக்கு வரவில்லை" என்பது. முதல் மறுப்பில் நிரூபிக்கும் சுமை கடன் கொடுத்தவர் தலையில் இருக்கிறது. இரண்டாவதில் அதே சுமை கடன் வாங்கியவர் தலைக்கு மாறிவிடுகிறது. ஒரு தாளில் உள்ள கையெழுத்து, யார் நிரூபிக்க வேண்டும் என்பதையே இடம் மாற்றிவிடுகிறது என்பதுதான் புரோநோட்டின் அதிசயம்.

முதலில் அந்தத் தாள் புரோநோட்டுதானா என்று பார்க்க வேண்டும். இலங்கையில் இதை ஆள்வது 1927ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மாற்றுண்டியல் கட்டளைச் சட்டம். அது 1882இல் இங்கிலாந்தில் வந்த சட்டத்தை அடியொற்றியது. அச்சடித்த படிவம் வேண்டும் என்றோ, நொத்தாரிசு முன்னால் எழுத வேண்டும் என்றோ அது கேட்பதில்லை. எழுத்தில் இருக்க வேண்டும், எழுதியவர் கையெழுத்து வைத்திருக்க வேண்டும், குறிப்பிட்ட தொகையை நிபந்தனை இல்லாமல் தருவதாக வாக்குக் கொடுத்திருக்க வேண்டும், கேட்ட உடனோ நிச்சயமான ஒரு காலத்திலோ தருவதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

சிநேகிதர்கள் எழுதும் தாள்கள் பெரும்பாலும் தடுக்கிவிழுவது இங்கேதான். "20 இலட்சம் வாங்கியிருக்கிறேன்" என்று மட்டும் எழுதினால் அது பற்றுச்சீட்டு. கடனுக்குச் சாட்சியாக உதவும், ஆனால் அதில் திருப்பித் தருவதாக வாக்கு இல்லை. "வேன் ஓடி வருமானம் வந்ததும் தருகிறேன்" என்று எழுதினால் வாக்கு இருக்கிறது, கூடவே நிபந்தனையும் இருக்கிறது. வருமானம் வராமலே போகலாம் என்பதால் அதுவும் புரோநோட்டு ஆகாது. "தாங்கள் கேட்கும்போது இந்த 20 இலட்சம் ரூபாயையும் வருடத்துக்கு நூற்றுக்கு 12 வீத வட்டியையும் தங்களுக்கோ தாங்கள் சொல்பவருக்கோ தருவேன்" என்று எழுதினால் அது புரோநோட்டு.

இனி முதல் மறுப்பு. "கையெழுத்து என்னுடையதில்லை" என்று எதிராளி சொன்னால், அந்தத் தாள் உண்மையில் அவர் எழுதியதுதான் என்று வழக்காளி காட்ட வேண்டும். கொலை வழக்கில்போல் ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு உண்டு என்பதே சிவில் வழக்கின் அளவுகோல். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் இதற்கு நாலைந்து வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. எழுதும்போது பக்கத்தில் இருந்தவர் வந்து சொல்லலாம். அவர் தாளில் சாட்சியாகக் கையெழுத்து வைத்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, ஏனென்றால் புரோநோட்டுக்குச் சாட்சிக் கையெழுத்தைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. 47ஆம் பிரிவின்படி, எதிராளியின் எழுத்தோடு நெடுநாள் பழகியவர், உதாரணத்துக்கு அவரோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவரோ ஒரே அலுவலகத்தில் வேலை செய்தவரோ, "இது அவர் எழுத்துத்தான்" என்று கருத்துச் சொல்லலாம். 45ஆம் பிரிவின்படி கையெழுத்து நிபுணரை அழைக்கலாம். 73ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. எதிராளியுடையது என்று ஏற்கப்பட்ட வேறு கையெழுத்தோடு நீதிபதியே ஒப்பிட்டுப் பார்க்கலாம், நீதிமன்றத்தில் இருக்கும் எதிராளியை அங்கேயே எழுதிக்காட்டும்படி பணிக்கலாம்.

நிபுணர் என்ன பார்க்கிறார் என்பது தெரிந்தால், எதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்பதும் தெரியும். ஒரே ஆள் இரண்டு தடவை கையெழுத்து வைத்தால் இரண்டும் அச்சுக்கு அச்சு ஒன்றாக இருக்காது. சாய்வு கொஞ்சம் மாறும், வால் கொஞ்சம் நீளும். இந்த இயல்பான வேறுபாடு எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்துகொள்ள, அதே காலத்தில் வைத்த பல கையெழுத்துகள் வேண்டும். தகராறு வந்த பிறகு எழுதிக்காட்டியவை மட்டும் போதாது, ஏனென்றால் அப்போது கையை வேண்டுமென்றே மாற்றி எழுத முடியும். வங்கியில் கணக்குத் திறந்தபோது வைத்த கையெழுத்து, வேன் பதிவுப் பத்திரம், பழைய விண்ணப்பங்கள், தோட்டத்தில் வேலை செய்தவரானால் சம்பளம் வாங்கியபோது இட்ட கையெழுத்து ஆகியவை நல்ல மாதிரிகள்.

பிறகு பூதக்கண்ணாடியின் கீழ் கோட்டைப் பார்க்கிறார்கள். சொந்தக் கையெழுத்தை வைப்பவரின் பேனா வேகமாக ஓடும். தொடக்கமும் முடிவும் ஊசி முனைபோல் மெலிந்திருக்கும், அழுத்தம் மேலும் கீழுமாக மாறும். பார்த்து வரைபவரின் பேனா மெதுவாக நகரும். கோட்டில் சிறு நடுக்கம் தெரியும், அழுத்தம் ஒரே சீராக இருக்கும், வேண்டாத இடத்தில் பேனாவை எடுத்து மறுபடி வைத்த தடயம் இருக்கும். ஏற்கெனவே உள்ள ஒரு கையெழுத்தின் மேல் வைத்தால் இம்மியும் பிசகாமல் பொருந்துகிறதென்றால், அதுவே சந்தேகத்துக்கு இடம். தாளை வைத்து நகல் எடுத்தால்தான் அப்படிப் பொருந்தும். கொப்பியில் எழுதிக் கிழித்த தாளானால் இன்னொரு சாட்சியும் உண்டு. எழுதும்போது அடுத்த தாளில் பள்ளம் விழுந்திருக்கும். பக்கவாட்டில் வெளிச்சம் பாய்ச்சினால் அந்த எழுத்துகள் நிழலாக எழும்பும். அந்தக் கொப்பி வீட்டில் இருந்தால் எறியாமல் வைத்திருப்பது நல்லது.

மூலத்தாள் இல்லாமல் இந்தச் சோதனை எதுவும் பலன் தராது. போட்டோக் கொப்பியில் அழுத்தம் தெரியாது, மையின் ஓட்டம் தெரியாது. தாளை லெமினேட் செய்வதும் கெடுதல். தொகை தெளிவாக இல்லையே என்று மேலே பேனாவால் அழுத்தி எழுதுவது அதைவிடப் பெரிய கெடுதல். தொகை, திகதி, வட்டி வீதம் போன்ற முக்கியமான ஒன்றை எழுதியவரின் சம்மதமில்லாமல் மாற்றினால் மாற்றுண்டியல் சட்டப்படி நோட்டே செல்லாமல் போகக்கூடும். உண்மையான கடனை உண்மையான கடன்காரரிடமிருந்தே பெற முடியாமல் போவது இப்படித்தான்.

இரண்டாவது மறுப்புக்கு வருவோம். "கையெழுத்து என்னுடையதுதான். அவர் வேறொரு வேலைக்கென்று வாங்கி வைத்துக்கொண்டார், பணம் தரவில்லை" என்று எதிராளி சொல்கிறார். இந்தப் பிரச்சினைக்கு வயது இரண்டாயிரம் ஆண்டை நெருங்குகிறது. உரோமானியச் சட்டத்தில், கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் "பணம் எண்ணித் தரப்படவில்லை" என்று முறையிட்டால், கொடுத்ததை நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவரே. பணத்தேவையில் இருப்பவர் முதலில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பார், அந்த நேரத்தில் அவர் பலவீனமானவர் என்பது அதன் நியாயம். இப்படி முறையிட ஐந்து ஆண்டு இருந்த அவகாசத்தை, ஆறாம் நூற்றாண்டில் யுஸ்தினியன் பேரரசன் இரண்டு ஆண்டாகக் குறைத்தான். இலங்கையின் பொதுச் சட்டம் உரோம டச்சுச் சட்டம் என்பதால், இந்த வழி இங்கேயும் வந்து சேர்ந்திருக்கலாம். ஆனால் 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உண்டியல், புரோநோட்டு விவகாரங்களுக்கு ஆங்கிலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆங்கிலச் சட்டத்தின் சிந்தனை நேரெதிரானது. நோட்டு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் பணம்போல் போக வேண்டும், வாங்குபவர் ஒவ்வொரு தடவையும் பின்னணியைத் துருவிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே நோட்டில் கையெழுத்து வைத்தவர் அதற்குரிய பெறுமதியைப் பெற்றுக்கொண்டே வைத்தார் என்று சட்டம் எடுத்த எடுப்பில் கொள்கிறது. இன்றைய கட்டளைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. பணம் பெறவில்லை என்று காட்ட வேண்டியவர் கையெழுத்து வைத்தவர்.

இது உடைக்க முடியாத அனுமானம் அல்ல. இந்தியாவின் 1881ஆம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டத்திலும் 118ஆம் பிரிவில் இதே அனுமானம் இருக்கிறது. அது எப்படி உடையும் என்பதை 1961இல் குந்தன் லால் ரல்லாராம் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் விளக்கியது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் சுப்பா ராவ். எதிராளி தன் பக்கத்துச் சாட்சியத்தால் மட்டும்தான் அனுமானத்தை உடைக்க வேண்டும் என்பதில்லை, சூழ்நிலைகளாலும் உடைக்கலாம். கடன் கொடுத்தவரிடம் கணக்குப் புத்தகம் இருந்தும் அதைக் கொண்டுவராமல் மறைத்தால், கொண்டுவந்திருந்தால் அது அவருக்கு எதிராகவே இருந்திருக்கும் என்று நீதிமன்றம் கொள்ளலாம், அந்த ஊகம் முதல் அனுமானத்தைச் சாய்த்துவிடலாம் என்றது அந்தத் தீர்ப்பு. இந்தியத் தீர்ப்பு இலங்கை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் தர்க்கம் எந்த ஊர் நீதிபதிக்கும் இயல்பாகவே தோன்றும்.

நம் கடைக்காரரை அந்த வெளிச்சத்தில் பாருங்கள். குறுக்கு விசாரணையில் முதலில் வரும் கேள்வி, "20 இலட்சம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது?" என்பதாகத்தான் இருக்கும். ஜூன் 11ஆம் திகதி வங்கியில் 15 இலட்சம் எடுத்ததை வங்கிப் புத்தகம் காட்டுகிறது. மிச்சம் ஐந்து இலட்சம் கடை வரவு என்று அந்த மாதத்து நாளேடு காட்டுகிறது. அடுத்த கிழமையே சிநேகிதரின் பெயரில் வேன் பதிவாகியிருக்கிறது. கடையிலிருந்து அனுப்பிய வட்டி நினைவூட்டலுக்கு "அடுத்த மாசம் சேர்த்துத் தாறேன்" என்று போனில் பதில் வந்திருக்கிறது. இவை ஒவ்வொன்றும் தனியே கடனை நிரூபிக்காது. சேர்ந்து நிற்கும்போது, "வேறொரு வேலைக்கு வைத்த கையெழுத்து" என்ற கதைக்கு நிற்க இடம் இல்லாமல் போகிறது. மாறாக, சம்பாத்தியம் இவ்வளவு என்று சொல்ல முடியாதவர், பணம் எடுத்த தடயம் எதுவும் இல்லாதவர், கையெழுத்தை நம்பி மட்டும் வந்தால், நோட்டு உண்மையாக இருந்தும் தடுமாற வேண்டியிருக்கும்.

இலங்கைக்கே உரிய ஒரு பொறி இதற்குள் இருக்கிறது. 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, கடனுக்காக எழுதும் புரோநோட்டில் மூன்று விடயங்கள் தனித்தனியாகத் தெளிவாக இருக்க வேண்டும். உண்மையில் கடனாகப் பெற்ற முதல் எவ்வளவு, முன்கூட்டியே வட்டியாகவோ வேறு செலவாகவோ கழித்தது எவ்வளவு, வருடத்துக்கு வட்டி நூற்றுக்கு எத்தனை என்பனவே அந்த மூன்றும். கடையில் வாங்கும் அச்சுப் படிவத்தின் அடியில் இந்த மூன்று வரிகளும் இருப்பதற்குக் காரணம் இதுதான். இவை இல்லாத நோட்டை நீதிமன்றத்தில் அமுல்படுத்த முடியாது.

இந்தக் கட்டுப்பாடு எதற்காக என்பது ஒரு கணக்கில் விளங்கும். கடைக்காரர் முதல் வருட வட்டியைக் கழித்துக்கொண்டே பணம் கொடுத்தார் என்று வையுங்கள். 12 வீதத்தில் வட்டி 240,000 ரூபாய். சிநேகிதர் கையில் போனது 1,760,000. நோட்டில் "20 இலட்சம் பெற்றேன்" என்று மட்டும் இருந்தால், வாங்காத பணத்துக்கும் சேர்த்து வட்டி ஓடும். மூன்று வரிகளும் நிரப்பப்பட்டிருந்தால் நடந்தது அப்படியே தாளில் தெரியும். தொகை பொய் என்று தெரிந்தே எழுதி வாங்குவதையும், தொகை எழுதாத வெற்று நோட்டில் கையெழுத்து வாங்குவதையும் அந்தச் சட்டம் குற்றமாகவே வைத்திருக்கிறது. கடனுக்கு அடைமானமாக வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைப்பது ஊரில் சாதாரணமாக நடப்பதுதான். ஆனால் அது வாங்கி வைத்தவருக்கே பகையாகிவிடும்.

மலைநாட்டில் இந்தச் சட்டத்துக்கு ஒரு பின்னணி உண்டு. அது வந்த காலத்தில் தோட்டங்களில் துண்டு முறை நடப்பில் இருந்தது. ஒரு கங்காணியும் அவர் ஆட்களும் பட்ட கடனின் தொகையை எழுதி, அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறோம் என்று தோட்டத்து நிர்வாகம் கொடுக்கும் கடதாசிதான் துண்டு. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டும், அந்தத் தொகையும் ஆட்களின் தலையில் ஏறும். தாங்கள் வாசிக்க முடியாத ஒரு தாளில் இருந்த எண், குடும்பங்கள் எங்கே வாழ வேண்டும் என்பதைத் தீர்மானித்தது. 1921இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். கடன் தாளில் இருக்கும் எண்ணும் கையில் வந்த பணமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கவலை எங்கிருந்து வருகிறது என்பது இந்த மண்ணில் உள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கையால் நோட்டு எழுதும் இரண்டு சிநேகிதர்களுக்கு இந்த மூன்று வரிகளும் தெரிந்திருக்காது. அதற்கும் சட்டம் வழி விட்டிருக்கிறது. தவறு கவனக்குறைவால் நேர்ந்தது, சட்டத்தை ஏய்க்கும் நோக்கம் இல்லை என்று நீதிமன்றம் திருப்தியடைந்தால் நிவாரணம் கொடுக்கலாம். இதை வழக்காளி தானாகவே எடுத்துச் சொல்லிக் கேட்க வேண்டும். நல்ல சட்டத்தரணி இன்னொரு பாதுகாப்பும் செய்வார். நோட்டின் மேல் ஒரு கோரிக்கை, அது விழுந்தால் கொடுத்த கடனின் மேல் மாற்றுக் கோரிக்கை என்று முறைப்பாட்டிலேயே இரண்டையும் வைப்பார். எழுத்தில் இல்லாத கடனுக்குக் காலாவதி மூன்றே ஆண்டு என்பதால், அந்த மாற்று வழி சீக்கிரம் மூடிவிடும்.

வழக்கை எங்கே, எப்படிப் போடுவது? எதிராளி வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலோ, ஒப்பந்தம் நடந்த இடத்து நீதிமன்றத்திலோ போடலாம். வட்டவளைக்காரர்கள் இருவருக்கும் அது ஹட்டன் மாவட்ட நீதிமன்றம். சிறிய தொகையானால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி, குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்குகளில் அந்தச் சபை தரும் இணக்கமின்மைச் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது. அங்கே சிநேகிதர், "வாங்கினேன்தான், இப்போது கையில் இல்லை" என்று ஒத்துக்கொண்டாலும் அதைப் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்ட முடியாது. சபையில் மனம்விட்டுப் பேச வேண்டும் என்பதற்காகச் சட்டம் வைத்த மறைப்பு அது. அங்கே இணக்கம் வந்தால் அதை எழுத்தில் பெற்றுக்கொள்வதே பயன்.

புரோநோட்டு போன்ற எழுத்து ஆவணங்களுக்கு உள்ள ஒரு குறுக்கு வழி, குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 703 முதலான பிரிவுகளில் இருக்கிறது. சுருக்க நடவடிக்கை என்பார்கள். வழக்காளி முறைப்பாட்டோடு மூல நோட்டைக் கையளித்து, இந்தத் தொகை தனக்கு நியாயமாக வர வேண்டியது என்று சத்தியக்கடதாசி கொடுக்கிறார். உரிய முத்திரை இருக்கிறதா, அழித்தல் திருத்தல் ஏதும் கண்ணுக்குப் படுகிறதா, காலாவதி ஆகிவிட்டதா என்று நீதிபதி அந்தத் தாளைப் பார்க்கிறார். சந்தேகம் இல்லையானால் விசேட அழைப்பாணை போகிறது. சாதாரண வழக்கில் எதிராளி தன் பாட்டுக்கு வந்து மறுக்கலாம். இங்கே மறுப்பதற்கே நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். எதிராளி தன் எதிர்வாதம் என்ன என்று சத்தியக்கடதாசியில் சொல்ல வேண்டும். எடுத்த எடுப்பில் நிலைக்கக்கூடிய வாதமாக இருந்தால் நிபந்தனை இல்லாமல் அனுமதி கிடைக்கும். வாதம் நிலைக்காது என்றோ நேர்மையில் ஐயம் இருக்கிறது என்றோ நீதிபதிக்குத் தோன்றினால், கோரிய தொகையைக் கட்டவோ பிணை வைக்கவோ சொல்லலாம். எதிராளி வராமலே விட்டால் வழக்காளிக்குத் தீர்ப்பாணை கிடைக்கும்.

இந்தக் கட்டத்தில்தான் மறுப்பு எந்த வகை என்பது முதன்முதலில் எழுத்தில் வருகிறது. "கையெழுத்து என்னுடையதில்லை" என்று சத்தியம் செய்தவர், விசாரணையில் நிபுணர் அறிக்கை எதிராக வந்ததும் "கையெழுத்து வைத்தேன், பணம் வரவில்லை" என்று மாறினால், இரண்டு கதையையும் நம்புவார் இல்லை. ஆகவே சத்தியக்கடதாசியின் பிரதியை வரிவரியாக வாசித்து, அவர் எதை மறுத்தார், எதைத் தொடாமல் விட்டார் என்று பார்ப்பதே வழக்காளியின் முதல் வேலை.

காலக் கணக்கு தனி. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் புரோநோட்டுக்கு ஆறு ஆண்டு தருகிறது. கேட்கும்போது தருவதாக எழுதிய நோட்டுக்கு, அந்த ஆறு ஆண்டு எழுதிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். கேட்ட நாளிலிருந்து என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் நோட்டுக்கு அது 2027 ஜூனில் முடிகிறது. இடையில் வட்டி கட்டியிருந்தால் கடைசியாகக் கட்டிய நாளிலிருந்து கணக்குப் புதிதாகத் தொடங்கும். 2023 ஜூன் 12இல் கடைசி வட்டி வந்ததென்றால் 2029 ஜூன் வரை அவகாசம் உண்டு. ஆனால் "கட்டவே இல்லை" என்று எதிராளி சொன்னால் எதை வைத்துக் காட்டுவது? அதனால்தான் பழைய ஆட்கள் நோட்டின் பின்பக்கத்தில் வரவு எழுதி, கடன்காரரின் கையாலேயே திகதியும் கையெழுத்தும் வைக்கச் சொல்வார்கள். அந்த ஒரு வரி காலாவதியையும் நிறுத்துகிறது, கடனையே மறுக்கும் வாயையும் அடைக்கிறது. வங்கிக்கு வங்கி அனுப்பிய வட்டியும் அதே வேலையைச் செய்யும்.

வட்டிக்கும் ஓர் எல்லை உண்டு. நிலுவை வட்டி எவ்வளவு ஏறினாலும் முதலைவிடக் கூடுதலாக வாங்க முடியாது என்று அதே 1852ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 20 இலட்சத்துக்கு 12 வீதத்தில் 8 வருடம் 4 மாதத்தில் வட்டி முதலைத் தொட்டுவிடும். அதற்கு மேல் காத்திருந்து பயனில்லை.

தீர்ப்பாணை கையில் வந்தாலும் பணம் கையில் வந்துவிடாது. அதை நிறைவேற்றப் பத்து ஆண்டு அவகாசம் உண்டு. எதிராளியின் சொத்தைக் கைப்பற்றி விற்க எழுத்தாணை கேட்க வேண்டும். தொழிலுக்கு வேண்டிய கருவிகளைப்போல் சிலவற்றைச் சட்டம் தொடவிடாது. லயத்து அறை அதில் வசிப்பவருக்குச் சொந்தமானதல்ல, அதை விற்க வழியில்லை. நம் வழக்கில் மிஞ்சுவது அந்த வேன்தான். அது இன்னும் அவர் பெயரில் இருக்கிறதா, லீசிங் கம்பனிக்கு அடைமானமாகப் போய்விட்டதா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்த பிறகே வழக்குச் செலவைக் கணக்குப் போடுவது புத்தி.

வீட்டு அலுமாரியில் இப்படி ஒரு தாள் வைத்திருப்பவர்கள் நான்கு விடயங்களைப் பார்த்துக்கொள்ளட்டும். திகதி என்ன, நிபந்தனை இல்லாத வாக்கு இருக்கிறதா, முதலும் முன்கழிவும் வட்டி வீதமும் தனித்தனியாக இருக்கின்றனவா, பின்பக்கத்தில் கடைசி வரவு எப்போது. சிநேகிதம் இன்னும் கெடாத வேளையில் இந்தக் குறைகளைச் சேர்ந்து உட்கார்ந்து சரி செய்துகொள்ளலாம். புதிய நோட்டு எழுதிப் பழையதைக் கிழித்துவிட இருவரும் சம்மதித்தால் போதும். மறுப்பு வந்த பிறகு அந்தத் தாளில் ஒரு எழுத்தையும் சேர்க்க முடியாது.